ஒரே மோட்டாரில் இரண்டு வேகம்: டாலாண்டர் மோட்டாரை சேஞ்ச்ஓவர் சுவிட்சோடு இணைப்பது எப்படி?

மேலூரில் எங்கள் பேக்கரிக்குப் பழைய ஸ்பைரல் மிக்ஸர் ஒன்று வாங்கினோம். பரோட்டா மாவும் பன் மாவும் பிசைகிற இயந்திரம். பாத்திரம், சுழல் கொக்கி, பெல்ட் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. சுவிட்ச் இருந்த இடத்தில் மட்டும் ஆறு வயர் தொங்கியது. பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் ஸ்டார் டெல்டா மோட்டார் என்றார். இன்னொருவர் மூன்று வயரை மட்டும் லைனில் கொடுத்துவிட்டு மிச்சத்தை டேப் சுற்றி விட்டுவிடலாம் என்றார். கடைசியில் அது டாலாண்டர் வைண்டிங் போட்ட இரட்டை வேக மோட்டார் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் சரியான சுவிட்ச் கிடைக்க, அதைச் சரியாக இணைக்க, நிறைய அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மோட்டாரில் ஒவ்வொரு ஃபேஸ் வைண்டிங்கும் இரண்டு பாதியாக இருக்கும். இரண்டு பாதியும் சேரும் நடு இடத்திலிருந்தும் ஒரு வயர் வெளியே வரும். கரண்டு இரண்டு பாதியிலும் ஒரே திசையில் ஓடினால் எட்டு காந்தத் துருவம், அதாவது எட்டு போல், உண்டாகும். 50 ஹெர்ட்ஸில் 750 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். நடுவில் கரண்டு கொடுத்து இரண்டு பக்கமும் பிரிந்து போகச் செய்தால் ஒரு பாதியின் திசை திரும்பிவிடும். அப்போது நாலு போல். 1500க்குக் கொஞ்சம் குறைவு. சுவிட்ச் செய்வது இந்தத் திசை மாற்றத்தை மட்டும்தான். அதனால் வேகங்கள் எப்போதும் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். 1000க்கும் 1500க்கும் மாறுகிற மோட்டார் வேண்டும் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.

1. முதலில் மீட்டரை எடுங்கள்: அது டாலாண்டர்தானா?

ஆறு வயர் வெளியே வருகிற மோட்டார்கள் எல்லாம் ஒன்றல்ல. மெயினை அணைத்து, மோட்டாரின் ஆறு வயர்களையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துவிட்டு மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள்.

இரண்டிரண்டாக மூன்று ஜோடி மட்டும் காட்டி, ஜோடிக்கு ஜோடி தொடர்பே இல்லை என்றால் அது சாதாரண ஸ்டார் டெல்டா மோட்டார். மூன்று மூன்றாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து, கூட்டங்களுக்கிடையே தொடர்பில்லை என்றால் உள்ளே இரண்டு தனி வைண்டிங் இருக்கிறது. அதுவும் இரட்டை வேகம்தான், ஆனால் இணைப்பு வேறு. ஆறும் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால்தான் டாலாண்டர்.

எங்கள் மோட்டாரில் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு மற்ற ஐந்தையும் தொட்டபோது இரண்டு வயரில் 5 ஓம், இரண்டில் 8 ஓம், ஒன்றில் 9 ஓம் காட்டியது. எந்த வயரில் தொடங்கினாலும் இதே வரிசை. உள்ளே ஆறு பாதி வைண்டிங்குகள் ஒரு வளையமாக இருக்கின்றன, ஒவ்வொரு பாதியும் 6 ஓம். பக்கத்து முனை 5, ஒன்று தாண்டினால் 8, நேர் எதிர் முனை 9. உங்கள் மோட்டாரில் எண்கள் வேறாக இருக்கும், விகிதம் இதேதான். 8 காட்டுகிற இரண்டும் நீங்கள் பிடித்திருக்கும் வயரின் கூட்டாளிகள். அந்த மூன்றும் ஒரு கூட்டம், மிச்ச மூன்றும் இன்னொரு கூட்டம்.

விகிதம் இப்படி இல்லாமல் 1, 2, 3, 4 என்கிற மடங்குகளில் வந்தால் உள்ளே இருப்பது வளையமான டெல்டா இல்லை, ஸ்டார். அது ஃபேன், புளோயர் போன்றவற்றுக்கான இரட்டை வேக மோட்டார். மெதுவேகத்தில் அதற்கு இழுவை குறைவு. மாவு பிசைய ஆகாது.

இங்கேதான் முதல் பொறி. எந்தக் கூட்டம் மெதுவேகத்துக்கு, எது வேகமானதற்கு என்று ஓம் மீட்டர் சொல்லாது. வளையத்தில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். வயர் நுனியில் 1U, 2U என்று அடையாளம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றில் தொடங்கும் மூன்றும் மெதுவேகம், இரண்டில் தொடங்கும் மூன்றும் வேகமானது. அடையாளம் அழிந்திருந்தால் ஊகித்துக் கரண்டு கொடுத்துவிடாதீர்கள். வைண்டிங் கடையில் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே ஃபேஸின் இரண்டு பாதிகள் சேரும் இடத்திலிருந்து வருவது 2 வரிசை. இரண்டு வேறு ஃபேஸ்கள் சேரும் மூலையிலிருந்து வருவது 1 வரிசை. பழைய சுவிட்ச் இன்னும் மாட்டியே இருக்கிறது என்றால், ஒரு வயரைக்கூட அவிழ்க்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, வயருக்கு வயர் ஃபெரூல் மாட்டிவிடுங்கள்.

2. பெயர்த்தகட்டையும் தாள்களையும் சேர்த்து வையுங்கள்

மோட்டார் மேல் மாவும் கிரீஸும் படிந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டுத் தகட்டைப் போட்டோ எடுங்கள். எங்கள் தகட்டில் இருந்தது இது:

```
415 V   50 Hz   Δ / YY
1.1 / 2.2 kW
3.5 / 4.6 A
720 / 1430 rpm
```

நான்காம் வரி எல்லோர் கண்ணிலும் படும். மூன்றாம் வரியை நன்றாகப் பாருங்கள். வேகம் பாதி, பவர் பாதி. ஆனால் கரண்டு பாதியாகவில்லை. 4.6க்குப் பாதி 2.3. தகட்டில் இருப்பதோ 3.5. எட்டு போலில் காந்தப்புலத்துக்கே கரண்டு அதிகம் போகும், அதனால் பவர் ஃபேக்டர் மோசம். மெதுவாக ஓடுகிறது, மோட்டாருக்குச் சிரமம் இல்லை என்று தோன்றும். நிஜத்தில் இந்த வகை மோட்டார் பெரும்பாலும் மெதுவேகத்தில்தான் எரிகிறது. ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

தகடு இல்லாமல் பழைய மோட்டார் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால், வைண்டிங் கடையில் அளந்து எழுதி வாங்குங்கள். மின்வாரியத்தில் லோடு கேட்டு விண்ணப்பிக்கும்போது 1.1, 2.2 இரண்டையும் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. ஒரு நேரத்தில் ஒரு வேகம்தான் ஓடும், ஆக 2.2 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறன் என்று பெரிய எண்ணை மட்டும் சொல்லுங்கள். த்ரீ ஃபேஸ் சர்வீஸ் கட்டாயம். கடையில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது என்றால் மற்ற எதையும் வாங்கும் முன் அந்த வேலையைத் தொடங்குங்கள். அதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

3. மோட்டார் எரிந்திருந்தால் வைண்டிங் கடையில் என்ன சொல்ல வேண்டும்

மதுரையில் புதூர், கப்பலூர் சிட்கோ பக்கம் விசாரித்தால் டாலாண்டர் கட்டிப் பழகியவர்கள் கிடைப்பார்கள். ஊர்ப்பக்கத்தில் பெரும்பாலும் போர்வெல் மோட்டார் கட்டுபவர்கள். கைத்திறனில் குறை இல்லை, ஆனால் இந்த வைண்டிங் அவர்களிடம் அடிக்கடி வராது. பழைய வைண்டிங்கை அறுக்கும் முன் டேட்டா எடுத்தே ஆக வேண்டும் என்று வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். ஸ்லாட் எண்ணிக்கை, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி கேஜ், காயில் பிட்ச், குரூப் இணைப்பு, இவ்வளவும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

இவற்றில் காயில் பிட்ச்தான் உயிர்நாடி. எங்கள் மோட்டாரைப் போல 36 ஸ்லாட் என்றால் மொத்தம் 36 காயில், மூன்று மூன்றாக 12 குரூப், ஃபேஸுக்கு நாலு குரூப். காயிலின் ஒரு கை முதல் ஸ்லாட்டில் விழுந்தால் மறு கை ஆறாவது ஸ்லாட்டில் விழும். சாதாரண நாலு போல் மோட்டாரில் இதே 36 ஸ்லாட்டுக்கு முழு பிட்ச் என்பது ஒன்றிலிருந்து பத்து. பழக்கத்தில் யாராவது அப்படிப் போட்டுவிட்டால் வேகமான பக்கம் நன்றாகவே ஓடும், மெதுவேகம் செத்துப் போகும். ஏனென்றால் ஒன்பது ஸ்லாட் தள்ளி இருக்கிற இரண்டு கைகளும் எட்டு போல் கணக்கில் ஒரே மாதிரிப் போலின் கீழ் வந்து ஒன்றையொன்று அடித்துவிடும். மோட்டார் உறுமும், நகராது, கரண்டு மட்டும் ஏறும். கட்டி வார்னிஷ் போட்ட பிறகு இது தெரிந்தால் மறுபடி எல்லாவற்றையும் அறுக்க வேண்டியதுதான். ஆகவே காயில் இறக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். முதல் ஸ்லாட்டில் இருந்து எண்ணுவதற்கு வைண்டிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சாதாரண நாலு போல் மோட்டாரையே டாலாண்டராக மாற்றிக் கட்டித் தருகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. செய்யலாம். ஆனால் மேலே சொன்ன குறுகிய பிட்ச் காரணமாக வேகமான பக்கத்தில் பழைய குதிரைத்திறன் கிடைக்காது. கையில் இருப்பது சாதாரண மோட்டார்தான் என்றால் என் யோசனை, அதைக் கட்ட வேண்டாம், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எலெக்ட்ரானிக் டிரைவ் ஒன்று வாங்குங்கள். டாலாண்டர் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் இந்த வழி லாபம்.

வைண்டிங் முடிந்ததும் 500 வோல்ட் மெக்கர் போட்டு பாடிக்கும் வைண்டிங்குக்கும் இடையே இன்சுலேஷன் எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் கரண்டே கொடுக்கக் கூடாது. புதிதாகக் கட்டி உலர்த்தியது அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். ஆறு வயரிலும் அடையாளம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

4. சரியான சுவிட்சைக் கேட்டு வாங்குங்கள்

கடையில் போய் "டூ ஸ்பீடு சேஞ்ச்ஓவர்" என்று மட்டும் கேட்டால் ஜெனரேட்டருக்கு மாட்டுகிற மூன்று போல் சேஞ்ச்ஓவரை எடுத்து நீட்டுவார்கள். அதில் லைனை ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு மாற்றலாம். வேகமான பக்கத்தில் 1U, 1V, 1W மூன்றையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமே, அதைச் செய்ய அதில் கான்டாக்ட் இல்லை. ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்சும் ஆகாது, ஸ்டார் டெல்டா சுவிட்சும் ஆகாது.

கேட்க வேண்டியது ஒற்றை வைண்டிங் இரட்டை வேகத்துக்கான போல் சேஞ்சிங் ரோட்டரி சுவிட்ச். டாலாண்டர் என்று சொன்னால் பழைய கடைக்காரர்களுக்குப் புரியும். அதில் எட்டு கான்டாக்ட் இருக்கும். மெதுவேகத்துக்கு மூன்று, வேகமானதற்கு மூன்று, 1 வரிசையின் மூன்று முனைகளையும் சேர்த்துக்கட்ட இரண்டு. பெட்டியில் இருக்கும் படத்தை எண்ணிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். மேலமாசி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் உடனே கையில் கிடைக்காவிட்டாலும் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருவார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சுவிட்ச் முகப்பில் 25 ஆம்ப்ஸ் என்று போட்டிருப்பது ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாருக்கு உள்ள அளவை ஏசி-3 என்ற வரியில் தனியாகக் கிலோவாட்டில் போட்டிருப்பார்கள். 2.2 கிலோவாட் மோட்டாருக்கு அந்த வரியில் 4 கிலோவாட்டாவது இருக்கட்டும்.

இரண்டாவது, கைப்பிடியின் வரிசை. 0-1-2 என்றும் வரும், 1-0-2 என்றும் வரும். மிக்ஸருக்கு நான் 1-0-2 தான் சொல்வேன். 0-1-2 சுவிட்சில் வேகமாக ஓடும்போது நிறுத்த வேண்டுமானால் 1ஐக் கடந்துதான் 0க்கு வர முடியும். 1430ல் சுற்றுகிற ரோட்டரை 750க்கு இழுக்கும்போது மோட்டார் கொஞ்ச நேரம் ஜெனரேட்டராக மாறி பிரேக் போட்ட மாதிரி உதறும். காலிப் பாத்திரத்தில் அது ஒரு குலுக்கல். 15 கிலோ மாவோடு என்றால் பெல்ட் கதறும், சாவிக்கட்டை தளரும். 1-0-2 என்றால் நடுவில் நின்று மூச்சுவிட்டுப் போகலாம்.

5. ஓவர்லோடு ரிலே இரண்டு வேண்டும்

பலரும் மிச்சம் பிடிக்கும் இடம் இதுதான். மெயின் கான்டாக்டருக்குக் கீழே ஒரே ரிலேயை மாட்டி 4.6 ஆம்ப்ஸில் வைத்துவிடுவார்கள். வேகமான பக்கத்துக்கு அது சரி. மெதுவேகத்தில் 3.5 தான் தாங்கும் மோட்டார் 4.5 ஆம்ப்ஸ் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓடினாலும் அந்த ரிலே அசையாது.

மெதுவேகத்தில்தான் மாவு கெட்டியாக இருக்கும். தண்ணீர் ஊற்றிய புதிதில், மைதா இன்னும் சேராமல் கட்டிகட்டியாகக் கொக்கியில் மோதும் நேரம் அது. பரோட்டா மாவு என்றால் முழுக்க முழுக்க 1லேயே பிசைகிறவர்களும் உண்டு. இதற்கு மேல், மோட்டார் பின்னால் இருக்கும் ஃபேன் அதே ஷாஃப்டில் இருப்பதால் பாதி வேகத்தில் காற்று மிகவும் குறைந்துவிடும். லோடு அதிகம், கரண்டு அதிகம், காற்று குறைவு. வைண்டிங் கருகிப் போவதற்கு இது போதும்.

அதனால் சுவிட்சுக்கு முன்னால் அல்ல, சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு ரிலே. 1U, 1V, 1W போகும் வழியில் ஒன்று, 3.5 ஆம்ப்ஸில். 2U, 2V, 2W போகும் வழியில் இன்னொன்று, 4.6 ஆம்ப்ஸில். ரிலே தட்டாதவரை மூடியே இருக்கும் என்சி கான்டாக்ட் இரண்டையும் சீரீஸில் போட்டு மெயின் கான்டாக்டரின் காயிலுக்குக் கொண்டுபோங்கள். எது தட்டினாலும் கான்டாக்டர் விழும்.

வேகமான பக்கத்தில் 1 வரிசை மூன்றும் சுவிட்சுக்குள் சேர்ந்திருக்குமே, அப்போது 3.5 ரிலே வழியாகவும் கரண்டு போகுமே, அது தவறாகத் தட்டாதா என்று எங்கள் எலெக்ட்ரீஷியன் கேட்டார். நியாயமான கேள்வி. தட்டாது. அந்த மூன்று வயரில் போவது லைன் கரண்டில் சரிபாதி, அதாவது 2.3 ஆம்ப்ஸ்தான்.

கான்டாக்டரே வேண்டாம், சுவிட்ச் போதும் என்றும் சொல்வார்கள். கேட்காதீர்கள். கரண்டு போய்த் திரும்பி வரும்போது சுவிட்ச் 2லேயே இருந்தால் பாத்திரம் தானாகச் சுற்றத் தொடங்கிவிடும். உள்ளே கை வைத்து மாவு வழிக்கிற ஆள் இருக்கலாம். கான்டாக்டர் இருந்தால் மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும்.

6. வயரிங்

பத்து ஆம்ப்ஸ் சி வகை மூன்று போல் எம்சிபி, அதிலிருந்து கான்டாக்டர், அதிலிருந்து சுவிட்ச், பிறகு இரண்டு ரிலே, பிறகு மோட்டார். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. சுவிட்சில் இணைப்பு இப்படி வர வேண்டும்:

```
1 :  L1-1U   L2-1V   L3-1W    (2U 2V 2W open)
0 :  all open
2 :  L1-2U   L2-2V   L3-2W    (1U+1V+1W joined)
```

1ல் ஓடும்போது 2 வரிசை வயர்களில் எதுவும் இணைக்கப்படவில்லை என்பதால் அவற்றில் கரண்டு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவை வைண்டிங்கின் நடுவிலிருந்து வருகின்றன; தொட்டால் அடிக்கும். மூன்று வயரை டேப் சுற்றி விடலாம் என்று சொன்னவர் இதை யோசிக்கவில்லை.

மோட்டாரை இணைக்கும் முன் சுவிட்சைத் தனியாகச் சோதியுங்கள். மோட்டார் வயர் மாட்டிய பிறகு எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்பு காட்டும், மீட்டரால் பயன் இல்லை. கைப்பிடியை 2ல் வைத்து 1U, 1V, 1W ஒன்றோடொன்று பீப் அடிக்கிறதா, அவற்றில் ஒன்றுகூட L1, L2, L3 பக்கம் பீப் அடிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். அடித்தால் லைன் மூன்றையும் நேராக ஷார்ட் செய்கிறீர்கள் என்று பொருள். 1ல் வைத்தால் அந்தச் சேர்ப்பு பிரிந்திருக்க வேண்டும். 0ல் எதுவும் அடிக்கக் கூடாது.

மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பி போட வேண்டும். ஈரமும் மாவும் புழங்குகிற இடம், ஒன்று போதும் என்று விடாதீர்கள். சுவிட்ச் பெட்டியின் மூடி ரப்பர் வாஷரோடு இறுக மூட வேண்டும். மைதாத் தூள் கான்டாக்டில் படிந்தால் சில மாதத்தில் கருக ஆரம்பிக்கும்.

7. பெல்ட்டைக் கழற்றிவிட்டு முதல் ஓட்டம்

பெல்ட்டோடு முதல் சோதனை வேண்டவே வேண்டாம். காரணம் திசை. நாலு போலில் ஃபேஸுக்கு ஃபேஸ் 120 பாகை இருக்கிற வைண்டிங், எட்டு போலில் 240 பாகையாகிவிடும். அதாவது ஃபேஸ் வரிசை தலைகீழ். உள்ளே அடையாளம் போட்ட விதத்தைப் பொறுத்து, மேலே சொன்னபடி நேராக இணைத்தால் 1ல் ஒரு பக்கமும் 2ல் மறு பக்கமும் சுற்றலாம். மோட்டார் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

1ல் போட்டுத் திசை பாருங்கள், ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் நன்றாகத் தெரியும். 0க்கு வந்து முழுசாக நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு 2. இரண்டும் ஒரே பக்கம் சுற்றி, மிக்ஸருக்கு வேண்டிய பக்கமாகவும் இருந்தால் சரி. இரண்டும் தவறான பக்கம் என்றால் எம்சிபியின் வெளியே போகும் பக்கத்தில் ஏதாவது இரண்டு கம்பியை மாற்றுங்கள். ஒன்று மட்டும் தவறு என்றால் அந்த வரிசையில் மட்டும் இரண்டை மாற்ற வேண்டும். எங்களுக்கு 2 தலைகீழாக வந்தது. 2Uவையும் 2Wவையும் சுவிட்சில் இடம் மாற்றியதும் சரியானது. எம்சிபியில் மாற்றினால் இரண்டு வேகமும் சேர்ந்து திரும்பும், சிக்கல் அப்படியே இருக்கும்.

பிறகு டாங் டெஸ்டரை எடுத்து ஒவ்வொரு வேகத்திலும் மூன்று லைனையும் தனித்தனியாகப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மெதுவேகத்தில் லோடு இல்லாமலே கரண்டு கணிசமாகக் காட்டும், அது இந்த மோட்டாரின் சுபாவம். ஒரு லைன் மட்டும் மற்றதைவிட நன்றாக எகிறினால் ஒரு பாதி வைண்டிங் தலைகீழாக இணைந்திருக்கிறது, அல்லது சுவிட்சில் ஒரு கான்டாக்ட் பிடிக்கவில்லை. கூடவே ஒரு முரட்டு உறுமலும் கேட்கும். அப்போது ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், நிறுத்திவிட்டு ஓம் மீட்டருக்குத் திரும்புங்கள்.

8. மாவு போட்டு அளப்பது

பெல்ட்டை மாட்டி, வழக்கமான அளவில் பாதி மாவோடு தொடங்குங்கள். 1ல் கொக்கி முதல் சில நிமிடம் திணறும்போது லைன் கரண்டு எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாவு சேர்ந்த பிறகு எவ்வளவுக்கு இறங்குகிறது என்றும் பாருங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டுங்கள். 3.5ஐ ஒரு நிமிடத்துக்கு மேல் தாண்டி நிற்கும் அளவு வந்ததும் அதற்கு ஒரு கிலோ கீழேதான் உங்கள் இயந்திரத்தின் நிஜமான கொள்ளளவு. பாத்திரத்தில் எழுதியிருப்பது பன் மாவுக்கான கணக்காக இருக்கும். பரோட்டா மாவு அதைவிடக் கெட்டி.

ரிலே தட்டுகிறது என்று அதன் திருகைக் கூட்டி வைக்கச் சொல்லி மாஸ்டர் கேட்பார். காலை அவசரத்தில் அது நடந்தே தீரும். ரிலே பெட்டியைப் பூட்டி வைப்பதுதான் ஒரே வழி.

9. செலவும் நாளும்

நான் வாங்கியபோது சுவிட்ச் இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. கான்டாக்டரும் இரண்டு ரிலேயும் எம்சிபியும் பெட்டியும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வைண்டிங் கூலி சாதாரண மூன்று குதிரைத்திறன் மோட்டாருக்குச் சொல்வதைவிட ஒன்றரை மடங்கு கேட்பார்கள். குரூப் இணைப்பும் வயரும் அதிகம் என்பதால் அது நியாயம்தான். கம்பி விலை ஏறி இறங்குகிறது, அதனால் செம்பு எடை எவ்வளவு என்று பில்லில் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

புது டாலாண்டர் மோட்டார் பெரும்பாலும் ஆர்டர் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், வாரக்கணக்கில் ஆகும். வைண்டிங் என்றால் கடை காலியாக இருந்தால் வார்னிஷ் உலர்வதோடு சேர்த்து ஒரு வாரத்துக்குள் முடியும். கோடையில் போகாதீர்கள். பங்குனி, சித்திரையில் போர்வெல் மோட்டார்கள் வாசலில் வரிசையாகக் கிடக்கும், உங்கள் மூன்று குதிரைத்திறன் மோட்டார் கடைசியில்தான் மேசைக்கு வரும். மதுரைக்குள் இருப்பவர்களுக்கு சித்திரைத் திருவிழா வேறு, பேக்கரிக்கும் அதுதான் சீசன்.

டிரைவ் போடுவதா என்று இன்னும் யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாலாண்டர் மோட்டாருக்கு டிரைவ் மாட்டினால் ஒரு வரிசையை நிரந்தரமாக இணைத்து ஒரே மோட்டாராகத்தான் ஓட்ட வேண்டும். வேகமான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் 1 வரிசை மூன்றையும் டெர்மினல் பெட்டியிலேயே சேர்த்து முடுக்கிவிடுங்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இந்த சேஞ்ச்ஓவர் சுவிட்சை விட்டு வைத்து, ஓடும்போது யாராவது திருப்பினால் டிரைவின் வெளியீட்டுப் பகுதி போய்விடும்; அதை ரிப்பேர் செய்வதற்குப் புதிதே வாங்கலாம்.